தைவதத்திலிருந்து மேல் காந்தாரத்துக்கு: வயலினில் பொசிஷன் மாறும்போது ஸ்ருதி தவறாமல் இறங்குவது எப்படி

செம்பூரில் என் வீட்டுக்கு மேற்கத்திய முறையில் வயலின் கற்க வருகிறவர்களில் பாதிப்பேர் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்கள். காது நன்றாக இருக்கும். முதல் பொசிஷனில் ஒரு வருடம், ஒன்றரை வருடம் வாசித்து விரல்களும் ஓரளவு படிந்திருக்கும். அப்புறம் மூன்றாம் பொசிஷன் வருகிறது. கை கழுத்தில் மேலே நகர்ந்து வேறு இடத்தில் நின்று வாசிக்க வேண்டும் என்றதும், அதுவரை சுத்தமாக வாசித்தவர்கள் திடீரென்று தேட ஆரம்பிக்கிறார்கள். விரல் எங்கேயோ போய் விழும், கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே உருட்டி ஸ்வரத்தைப் பிடிப்பார்கள். கேட்கிறவருக்கு அந்த உருட்டல் தெரியும்.

இந்தத் தேடல் எதனால் வருகிறது, அதை எப்படி நிறுத்துவது என்பதை ஒரே ஒரு தாவலை வைத்துச் சொல்கிறேன். ஏ தந்தியில், முதல் பொசிஷனில் ஆள்காட்டி விரலால் வாசிக்கும் பி. அங்கிருந்து அதே தந்தியில், மூன்றாம் பொசிஷனில் மோதிர விரலால் வாசிக்கும் எஃப் ஷார்ப். இந்த ஒன்று கைக்கு வந்தால் மற்றவை எல்லாம் இதன் உறவினர்கள்தான்.

நமக்கு வசதியாக ஒரு காரியம் செய்துகொள்வோம். டி தந்தியை ஸா என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஏ தந்தி பஞ்சமம். பி என்பது தைவதம். அதற்கு மேலே வரும் டி மேல் ஸா, ஈ மேல் ரிஷபம், எஃப் ஷார்ப் மேல் காந்தாரம், ஜி மேல் மத்யமம். சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். ஆக நாம் செய்யப்போவது தைவதத்திலிருந்து மேல் காந்தாரத்துக்கு ஒரு தாவல். பாடச் சொன்னால் யாரும் யோசிக்காமல் பாடிவிடுவார்கள். கைக்குத்தான் வழி தெரியாது.

முதலில் தந்திகள்

நான் சொல்லப்போகும் சோதனை எல்லாமே விரல் வைக்காத தந்தியை, அதாவது ஓபன் ஸ்ட்ரிங்கை நம்பி நடக்கிறது. அந்தத் தந்தியே இறங்கியிருந்தால் சோதனையும் பொய் சொல்லும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் இருக்கும் ஈரத்துக்கு மரம் உப்பும், பிரடை சில நாள் இறுகும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்து வந்தால் கால் மணி நேரத்தில் ஸ்ருதி மாறியிருக்கும். ஏ தந்தியை 440-க்கு டியூனரில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றையும் பக்கத்துத் தந்தியோடு சேர்த்து வாசித்துக் காதால் சேருங்கள், ஸா-பா சேர்ப்பதைப் போல. பயிற்சியின் நடுவிலும் ஒரு முறை திரும்பப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, மின்விசிறி. ஓடும் விசிறிக்குக் கீழே நின்றால் நாம் கேட்க வேண்டிய மெல்லிய அலை அந்த இரைச்சலில் மறைந்துவிடும். பத்து நிமிடம்தான், அணைத்துவிடுங்கள். உள்ளங்கை வியர்த்தால் வயலின் கழுத்தையும் கையையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். ஈரக்கை கழுத்தில் ஒட்டும். ஒட்டும் கை வழுக்காமல் குதிக்கும்.

போக வேண்டிய ஊரை முதலில் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் முதல் நாளே தாவிப் பார்க்கிறார்கள். எங்கே போய் நிற்க வேண்டும் என்று கைக்கே தெரியாதபோது தாவி என்ன பயன்? முதலில் தாவாமல், கையை எடுத்துக்கொண்டு போய் நேராக மூன்றாம் பொசிஷனில் வையுங்கள்.

ஆள்காட்டி விரலை ஏ தந்தியில் மேல் ஸா இருக்கும் இடத்தில் வையுங்கள். இது உங்களுக்குப் புது இடமே இல்லை. முதல் பொசிஷனில் மோதிர விரலால் வாசிக்கிறீர்களே டி, அதே புள்ளி. விரல்தான் வேறு. இப்போது வில்லை டி தந்தியிலும் ஏ தந்தியிலும் சேர்த்து இழுங்கள். கீழே டி தந்தி திறந்து ஸா ஒலிக்கிறது, மேலே உங்கள் விரலில் மேல் ஸா. விரல் நுனி டி தந்தியைத் தொடாமல் இருக்க வேண்டும். தொட்டால் அது மங்கிப்போகும்.

சரியாக இருந்தால் இரண்டும் ஒரே குரலாகச் சேரும். தவறாக இருந்தால் ஒலியில் ஓர் அலை ஆடும், "வௌ-வௌ-வௌ" என்று. விரல் ஒன்றரை மில்லிமீட்டர் மேலே போயிருந்தால் அந்த அலை நொடிக்கு மூன்று நான்கு முறை வரும். விரலைப் பின்னால் இழுக்க இழுக்க அலை நிதானமாகி, நின்றுபோகும். தம்பூரா சேர்க்கும்போது கேட்பதும் இதைத்தான். அலை வேகமாகிறதா, மெதுவாகிறதா என்பதே எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று சொல்லிவிடும். டியூனரின் முள்ளைப் பார்ப்பதைவிட இது விரைவாகக் கைக்கு ஏறும்.

டி தந்தியை வில்லால் தொடாமலும் இதைப் பார்க்கலாம். மேல் ஸாவை மட்டும் வாசித்து வில்லை எடுத்துவிடுங்கள். ஸ்ருதி சேர்ந்திருந்தால் பக்கத்தில் டி தந்தி தானாக அதிர்ந்துகொண்டிருக்கும், கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். சேராவிட்டால் வில் போனதும் ஒலியும் போய்விடும்.

ஆள்காட்டி விரலை அப்படியே வைத்துக்கொண்டு நடுவிரலை வையுங்கள், மேல் ரிஷபம். இதைத் திறந்த ஈ தந்தியோடு சேர்த்து வாசித்தால் இரண்டும் அதே ஸ்வரம், அச்சாக ஒன்று. அப்புறம் மோதிர விரல், ரிஷபத்திலிருந்து ஒரு முழு ஸ்வரம் தள்ளி. அதுதான் நமக்கு வேண்டிய காந்தாரம். கடைசியாகச் சுண்டு விரலைக் கொஞ்சம் நீட்டி, அழுத்தாமல், தந்தியின் சரிபாதியில் தொட்டுப் பாருங்கள். புல்லாங்குழல் போல ஒரு மெல்லிய ஒலி வரும், அது திறந்த ஏ தந்தியின் மேல் ஸ்தாயி. விரல்களை ஸாவிலிருந்து எடுக்காமல் அந்த ஒலியை எட்ட முடிகிறது என்றால் கை சரியான இடத்தில்தான் நிற்கிறது.

இங்கே ஒரு முக்கியமான அளவு. முழு அளவு வயலினில் தந்தியின் நீளம் ஏறக்குறைய 32.5 சென்டிமீட்டர். முதல் பொசிஷனில் ஆள்காட்டி விரலிலிருந்து இரண்டு முழு ஸ்வரம் தள்ளி மோதிர விரல் வைத்தால் நடுவே கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர். மூன்றாம் பொசிஷனில் அதே இடைவெளி 5 சென்டிமீட்டர்தான். மேலே போகப் போக வீடுகள் நெருங்கும். இந்த ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தை மனதில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இரண்டு மூன்று நாள் இதை மட்டும் செய்யுங்கள். கையை மடிக்குக் கொண்டுபோய்த் திரும்ப மூன்றாம் பொசிஷனில் வைத்து, ஸாவைச் சோதித்து, பிறகு ரிஷபம், காந்தாரம். சிலருக்கு உள்ளங்கையின் அடிப்பாகம் வயலின் தோளில் லேசாகப் படும். அது அருகில் வந்துவிட்டோம் என்பதற்கு நல்ல அடையாளம். ஆனால் கைக்குக் கை அது மாறும், ஸ்ருதியைக் காதுதான் சொல்ல வேண்டும். விரற்பலகையில் ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று கேட்பார்கள். முதல் பொசிஷனுக்கு ஒட்டியிருந்தால் இருக்கட்டும். மூன்றாவதுக்கு நான் ஒட்ட விடுவதில்லை. வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு நீங்கள் விரற்பலகையைச் சாய்வாகத்தான் பார்க்கிறீர்கள், கோடு இருக்கும் இடமும் கண்ணுக்குத் தெரியும் இடமும் ஒன்றாக இருக்காது.

வழியில் ஒரு ஸ்வரம்

இப்போது தாவல். தைவதத்தில் இருப்பது ஆள்காட்டி விரல், காந்தாரத்தில் விழ வேண்டியது மோதிர விரல். ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டுக் கையை வீசி, மோதிர விரலால் காந்தாரத்தைக் குறிபார்த்தால் அது கண்ணைக் கட்டிக்கொண்டு குதிப்பதுதான். அதற்குப் பதிலாக, தைவதத்தில் இருக்கும் ஆள்காட்டி விரலே தந்தியை விடாமல் வழுக்கிக்கொண்டு மேல் ஸா வரை போகட்டும். அங்கே போய்ச் சேர்ந்ததும் கை மூன்றாம் பொசிஷனில் இருக்கிறது. மோதிர விரல் காந்தாரத்துக்கு மேலேயே தயாராக நிற்கிறது, கீழே விட்டால் போதும். நடுவில் வந்த அந்த மேல் ஸாதான் கைடு நோட். எழுதிய இசையில் அது இருக்காது. கையை அழைத்துக்கொண்டு போக மட்டும் இருக்கிறது.

ஆக ஒன்பதரை சென்டிமீட்டர் தாவல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. நாலரை சென்டிமீட்டர் கை நகர்கிறது, மீதி 5 சென்டிமீட்டர் விரல்களின் இடைவெளி. ஒன்று கையின் வேலை, ஒன்று விரல்களின் வேலை. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க முடியும் என்பதுதான் இந்த முறையின் முழு பலம்.

முதலில் வில் இல்லாமல் ஆள்காட்டி விரலை மட்டும் தைவதத்துக்கும் ஸாவுக்கும் நடுவே மேலும் கீழுமாக நகர்த்துங்கள். கிளம்புவதற்கு முன் விரலின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள், தந்தி பலகையில் முட்டாத அளவுக்கு. தந்தியை விட்டு விரல் எழும்பக் கூடாது. தூசி துடைப்பது போலத் தடவிக்கொண்டு போக வேண்டும். கட்டைவிரலும் கையும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகச் சேர வேண்டும். முழங்கைதான் மடங்குகிறது, மணிக்கட்டு அப்படியே இருக்கிறது. பத்து முறை இதைச் செய்தால் கழுத்தில் எங்கே ஒட்டுகிறது, எங்கே இறுகுகிறது என்பது தெரியும்.

அப்புறம் வில். மெட்ரோநோமை 60-ல் வையுங்கள். தைவதத்தை நான்கு எண்ணிக்கை இழுங்கள், நான்காவது எண்ணும்போது விரல் தளர்ந்து வழுக்கிக் கிளம்பட்டும். மேல் ஸா நான்கு எண்ணிக்கை. இங்கே நின்று, டி தந்தியோடு சேருகிறதா என்று கேளுங்கள். சேர்ந்தால் மோதிர விரலைக் கீழே விட்டுக் காந்தாரம் நான்கு எண்ணிக்கை. வாசிப்பதற்கு முன் ஒரு தடவை வாய்விட்டுப் பாடிவிடுங்கள்: தா… ஸா… கா. காதில் ஸா ஏற்கனவே இருந்தால் விரல் அதை நோக்கிப் போகும். காதில் இல்லாத ஸ்வரத்துக்கு விரல் எப்படிப் போகும்?

வழுக்கும்போது ஊளைச் சத்தம் வரும், வரட்டும். இந்தக் கட்டத்தில் அது கேட்க வேண்டும், விரல் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே. கர்நாடக இசையில் ஜாரு வாசிப்பவர்களுக்கு இது அழகாகவே கேட்கும், அங்கே அந்த வழுக்கல் ராகத்தின் பகுதி. இங்கே அது பாதை மட்டும்தான், போகப் போக மறைந்துவிட வேண்டும்.

ஐந்து முறையில் நான்கு முறை ஸா அலையாடாமல் சேருகிறது என்றால் அடுத்த படி. ஸாவை ஒரே எண்ணிக்கைக்குக் குறையுங்கள். பிறகு அதைத் தொட்டும் தொடாமலும் ஒரு கண் சிமிட்டல் அளவுக்கு. கடைசியாக, ஸா ஒலிக்கவே கூடாது. வில்லின் எடையை அந்த இடத்தில் மட்டும் குறைத்து, விரல் ஸா வழியாகப் போய், மோதிர விரல் விழுந்த பிறகே ஒலி முழுசாக வர வேண்டும். வில் மாறும் இடமாக இருந்தால் வழுக்கல் பழைய வில்லின் கடைசியில் நடக்கும். புது வில் காந்தாரத்தில்தான் தொடங்கும். கீழ்நோக்கி இழுக்கும் வில்லில் தைவதம், அதன் நுனியில் சத்தமில்லாமல் கை நகர்வு, மேல்நோக்கித் தள்ளும் வில்லில் காந்தாரம். இந்த வரிசை குழம்பினால் காந்தாரத்தின் முகப்பிலேயே ஊளை ஒட்டிக்கொள்ளும்.

இதில் அவசரப்படாதீர்கள். ஒலிக்கும் ஸாவிலிருந்து ஒலிக்காத ஸாவுக்கு வர என் மாணவர்களுக்கு மூன்று வாரமாவது ஆகிறது, தினம் பத்து நிமிடம் என்ற கணக்கில்.

காந்தாரம் தப்பினால் காந்தாரத்தைத் தொடாதீர்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி வருகிறார். சிறு வயதில் பாட்டுக் கற்றவர், ஐம்பதுக்கு அருகில் வயலின் எடுத்தார். நுணுக்கமான காது. தாவி முடித்ததும் காந்தாரம் ஒவ்வொரு முறையும் சற்று ஏறி விழும், உடனே மோதிர விரலை உருட்டிக் கீழே கொண்டுவருவார். ஒரு நாள், "டீச்சர், ஸாவுக்குச் சரியாத்தானே போறேன், அப்புறம் ஏன் இது மட்டும் ஏறிண்டே இருக்கு?" என்று கேட்டார்.

"மாமி, ஏறின காந்தாரத்தைத் திருத்தாதீங்க. அப்படியே விட்டுட்டு, கையை அசைக்காம மோதிர விரலை மட்டும் எடுங்கோ. கீழே ஸாவை வாசிங்கோ, டி தந்தியோட சேர்த்து."

வாசித்தார். ஸா அலை இல்லாமல் சேர்ந்து நின்றது. அப்படியானால் கை சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. தவறு தாவலில் இல்லை, விரல்களின் இடைவெளியில். அடுத்து நடுவிரலை வைத்து ஈ தந்தியோடு சேர்த்துப் பார்த்தோம். ரிஷபமும் ஒரு நூல் ஏறியிருந்தது. முதல் பொசிஷனில் பழகிய 6 சென்டிமீட்டர் விரிப்பை விரல்கள் இங்கேயும் எடுத்து வந்திருக்கின்றன. முழுதாக இல்லை, மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு. அந்த உயரத்தில் மூன்று மில்லிமீட்டர் என்பது அரை ஸ்வரத்தில் கால் பங்கு. நல்ல காதுக்கு அது முள்ளாகக் குத்தும். அவருக்கு நான் தாவும் பயிற்சியையே கொடுக்கவில்லை. ஒரு வாரம் மூன்றாம் பொசிஷனில் நின்ற இடத்திலேயே ஸா-ரி-கா, ஸா-ரி-கா என்று மெதுவாக வாசிக்கச் சொன்னேன், ரிஷபத்தை ஒவ்வொரு முறையும் ஈ தந்தியோடு ஒப்பிட்டு. விரல்கள் நெருங்கின. பிறகு தாவியபோது காந்தாரம் தானாகச் சரியான இடத்தில் விழுந்தது.

அதே வாரம் பரீட்சைக்குத் தயாராகும் ஒரு பையன். அவனுக்குக் காந்தாரம் எப்போதும் இறங்கி விழும். அதே சோதனைதான். மோதிர விரலை எடுத்து ஸாவைக் கேட்டால் ஸாவும் இறங்கியிருந்தது, அலை வேகமாக ஆடியது. இவனுக்கு விரல் இடைவெளியில் பிழையே இல்லை, கைதான் ஊர் போய்ச் சேரவில்லை. பக்கத்தில் போய்க் கட்டைவிரலைப் பார்த்தேன். தைவதத்தில் இருந்த இடத்திலேயே கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டு மேலே போயிருக்கிறது. விரலால் மட்டும் எட்டினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறையத்தான் செய்யும். அவனுக்குக் கொடுத்த பயிற்சி வேறு: கட்டைவிரலைக் கழுத்திலிருந்து முழுசாக எடுத்துவிட்டு, வயலினின் தலையைச் சுவரில் மடித்த துண்டை வைத்து அதில் லேசாகச் சாய்த்துக்கொண்டு, வெறும் விரலால் தைவதம்-ஸா, தைவதம்-ஸா என்று வழுக்குவது. இறுக்க எதுவுமில்லாதபோது கை மொத்தமாக நகரக் கற்றுக்கொள்கிறது. நான்கு நாளில் கட்டைவிரலைத் திரும்ப வைத்தோம், அது கையோடு கூட வந்தது.

இரண்டு பேருக்கும் தப்பிய ஸ்வரம் ஒன்றே. ஆனால் ஒருவருக்கு விரல், ஒருவருக்குக் கை. காந்தாரத்தை உருட்டிச் சரிசெய்துகொண்டே இருந்தால் இந்த வித்தியாசம் ஒரு நாளும் தெரிய வராது. அதைவிட மோசம், விரலுக்கு "முதலில் தப்பாக விழு, பிறகு நகர்" என்ற பழக்கமே பாடமாகிவிடும். எனவே தப்பினால் அந்த ஸ்வரத்தை அப்படியே விட்டு, கீழே ஸாவைச் சோதித்து, காரணம் தெரிந்துகொண்டு, தைவதத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி வாருங்கள். மேடையில் வாசிக்கும்போது உருட்டிச் சமாளிக்கத்தான் வேண்டும், அது வேறு. பயிற்சியில் வேண்டாம்.

காந்தாரத்தை டி தந்தியோடு சேர்க்கலாமா?

காது நன்றாக உள்ளவர்கள் தாங்களாகவே இதைச் செய்து பார்க்கிறார்கள். திறந்த டி தந்தியோடு காந்தாரத்தைச் சேர்த்து அலை நிற்கும் வரை விரலை நகர்த்துகிறார்கள். அங்கே நிற்கும் காந்தாரம் மிக இனிமையாக இருக்கும், தம்பூராவோடு பாடும் அந்தர காந்தாரம் அதுதான். ஆனால் பியானோவிலோ டியூனரிலோ இருக்கும் எஃப் ஷார்ப்பைவிட அது சுமார் 14 சென்ட் இறங்கியது. ஓர் அரை ஸ்வரம் 100 சென்ட். தனியாக, டி ஸ்ருதியில் நீண்டு நிற்கும் ஸ்வரமாக வாசித்தால் அது நன்றாகவே இருக்கும். அடுத்து மத்யமத்துக்கு, அதாவது ஜி-க்கு ஏறப்போகும் எஃப் ஷார்ப்பாக வாசித்தால் சோம்பிக் கிடப்பது போலக் கேட்கும். அங்கே அது ஜி-யை ஒட்டி நிற்க வேண்டும்.

ஆகவே திறந்த தந்தி கறாராகத் தீர்ப்புச் சொல்வது தன் பெயருள்ள ஸ்வரங்களுக்கு மட்டும்தான்: ஜி, டி, ஏ, ஈ. மற்றவற்றை அவற்றின் அண்டை வீட்டிலிருந்து அளந்துகொள்ளுங்கள். கீழே ரிஷபம் ஈ தந்தியோடு ஒன்று சேருகிறது, அதிலிருந்து ஒரு முழு ஸ்வரம் மேலே காந்தாரம். மேலே சுண்டு விரலை ஒட்டி வைத்தால் ஜி. அது சரியாக இருந்தால் தடித்த ஜி தந்தி தானாக லேசாக முனகும். இந்த இரண்டுக்கும் நடுவே காந்தாரத்தின் இடம் கிடைத்துவிடும்.

திரும்பி வருவது

மேலே போவதைவிடக் கீழே வருவதில்தான் வயலின் ஆட்டம் காணும். கை கீழே இழுக்கும்போது வயலினையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். தாடைக்கும் தோளுக்கும் நடுவே வயலின் கையின் துணையில்லாமல் சில நொடி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நிற்கவில்லை என்றால் ஷோல்டர் ரெஸ்டைச் சரிசெய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் கீழே வரும் பயிற்சி.

காந்தாரத்தில் இருக்கும் மோதிர விரல் அழுத்தத்தைத் தளர்த்தி, தந்தியை விடாமல் முதல் பொசிஷனுக்கு வழுக்கட்டும். அங்கே மோதிர விரலின் வீடு எது? டி, அதாவது அதே மேல் ஸா. மேலே போகும்போது ஆள்காட்டி விரலுக்குக் கைடு நோட்டாக இருந்த அதே புள்ளியில்தான் கீழே வரும்போது மோதிர விரல் வந்து நிற்கிறது. இங்கேயும் டி தந்தியோடு சேர்த்துச் சோதிக்கலாம். சேர்ந்ததும் மோதிர விரலை எடுத்தால் தயாராகக் காத்திருக்கும் ஆள்காட்டி விரலில் தைவதம். கீழே வரும்போது கட்டைவிரல் கையைவிட ஒரு இம்மி முன்னதாகக் கிளம்பலாம், கைக்கு வழிவிடுவது போல. தைவதத்துக்கும் ஸாவுக்கும் நடுவே ஒன்றரை ஸ்வரம்தான் என்பதையும் மறக்காதீர்கள், 5 சென்டிமீட்டரில் இருந்த இரண்டு விரல்களும் இப்போது நாலரை சென்டிமீட்டருக்கு நெருங்க வேண்டும்.

சில பாடல்களில் நடுவே ஒரு திறந்த தந்தி வரும். தைவதம், திறந்த ஈ, அப்புறம் மூன்றாம் பொசிஷனில் காந்தாரம் என்பது போல. ஈ ஒலிக்கும் நேரத்தில் கை சும்மா இருக்கிறது, அதற்குள் சத்தமில்லாமல் நகர்ந்துவிடலாம். சுலபமாகத் தெரியும், ஆனால் வழுக்கல் காதில் விழாததால் கை எங்கே நிற்கிறது என்று தெரியாது. முதல் வாரம் ஈ ஒலிக்கும்போதே ஆள்காட்டி விரல் ஏ தந்தியைத் தடவிக்கொண்டு போகட்டும். ஈ முடிந்ததும் ஸாவை ஒரு முறை வாசித்துப் பார்த்த பிறகு காந்தாரம்.

மற்ற தந்திகளில்

இதே தாவலை டி தந்தியில் செய்தால் ஆள்காட்டி விரல் ஈ-யிலிருந்து ஜி-க்குப் போகும். கைடு நோட்டான ஜி-யைத் திறந்த ஜி தந்தி சோதித்துக் கொடுக்கும். நடுவிரலில் வரும் ஏ, பக்கத்து ஏ தந்தியோடு ஒன்று சேரும். ஏ தந்தியில் செய்தது அப்படியே பொருந்தும். ஈ தந்தியில் ஆள்காட்டி விரல் எஃப் ஷார்ப்பிலிருந்து ஏ-க்குப் போகும், அதற்குத் திறந்த ஏ தந்தி இருக்கிறது. ஆனால் அதற்கு மேலே வேறு தந்தி இல்லாததால் நடுவிரலைச் சோதிக்க முடியாது, அங்கே விரல் இடைவெளியைக் காதால் மட்டுமே பிடிக்க வேண்டும்.

ஜி தந்தியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அங்கே ஆள்காட்டி விரல் ஏ-யிலிருந்து சி-க்குப் போகிறது. சி என்று ஒரு திறந்த தந்தி வயலினில் கிடையாது, எனவே கைடு நோட் ஒலித்தாலும் பதில் சொல்ல ஆளில்லை. அங்கே சி-யில் இறங்கியதும் நடுவிரலை ஒரு முழு ஸ்வரம் தள்ளி வைத்து டி-யை வாசித்து, திறந்த டி தந்தியோடு சேருகிறதா என்று பாருங்கள். டி சேர்ந்தால் சி-யும் ஏறக்குறைய சரி. டி ஏறியோ இறங்கியோ இருந்தால், விரல் இடைவெளியை மாற்றாமல் கை மொத்தத்தையும் நகர்த்திச் சேருங்கள், பிறகு ஏ-க்குத் திரும்பி மறுபடி வாருங்கள். ஜி தந்தியில் முழங்கையை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம், வயலினுக்கு அடியில் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதைச் செய்யாவிட்டால் விரல் நுனி தந்திக்கு எட்டாமல் படுத்துக்கொண்டு விழும், டி தந்தியையும் தொட்டுச் சோதனையைக் கெடுத்துவிடும்.